பம்பரத்தின் காலடிச் சத்தம்

பம்பரம் என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது யார் என்று கேட்டால் அந்தப் படகுத்துறையில் மூன்று பேர் கையைத் தூக்குவார்கள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவளை ஒரு வாரம் பார்த்தவர் யாருக்கும் தானாகவே வாயில் வந்துவிடுகிற பெயர் அது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடாவிட்டால் விரல் எதையாவது தட்டும். அவளுடைய கணவர் ஐஸ் லாரி ஓட்டுபவர், பேச்சுக் குறைவு. "இவ தூங்குறப்பகூட யாரையோ வேலை வாங்கிக்கிட்டுதான் இருப்பா," என்று ஒரே வரியில் அவளுடைய ஜாதகத்தையே சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்டவளுக்கு மீன் வளர்க்கும் வேலை பொருந்தும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். மீன் என்ன ஆடா, மாடா, பின்னாலேயே ஓடித் திரிய? வலைக்குள் விட்டு, தீவனம் போட்டு, காத்திருக்க வேண்டிய தொழில் அது. ஆனால் பம்பரத்துக்கு அதில்தான் கை வாய்த்தது.

தொடங்கியது அவளுடைய தம்பிக்காக. அவன் ஆழ்கடல் படகில் போகிறவன். போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். கடைசியாகப் போன படகில் வலையை இழுக்கும் வின்ச் கயிறு அறுந்து அவன் தோளைப் பெயர்த்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துவிட்டு வந்தவள், "இனிமே இவனைக் கரை தாண்டி விடப் போறதில்லை," என்று சொன்னாள். கரைக்குப் பக்கத்திலேயே, கடலுக்குள் நீண்ட நிலமுனை காற்றை மறைக்கிற இடத்தில், மூன்று கூண்டுகள் போடலாம் என்ற யோசனை அப்போது பிறந்ததுதான். தம்பி நங்கூரமும் கயிறும் பார்ப்பான். தம்பி மனைவி தண்ணீரைப் பார்ப்பாள். பம்பரம் தீவனம் போடுவாள். இது சரியாக நடக்காவிட்டால் பெரிய படகு மறுபடியும் அவனைக் கூப்பிடும், அவனும் போய்விடுவான். அவன் தோள் இன்னொரு பயணத்தைத் தாங்காது என்பது மூவருக்கும் தெரியும். வாய் திறந்து யாரும் சொல்வதில்லை.

கூண்டு என்றதும் கம்பிக்கூண்டை நினைக்க வேண்டாம். கடல்மேல் மிதக்கும் ஒரு பெரிய கறுப்புக் குழாய் வளையம். அதிலிருந்து ஐந்து மீட்டர் ஆழத்துக்குப் பை போலத் தொங்கும் வலை. வளையத்தைச் சுற்றி நடக்க ஒரு ஆள் அகலத்துக்குப் பலகை. வலைக்கு அடியில் இன்னும் அதே அளவு ஆழத்துக்கு வெறும் தண்ணீர் இருக்கும்படி இடம் பார்த்துப் போட்டிருந்தார்கள். மிஞ்சிய தீவனமும் கழிவும் வலைக்கடியிலேயே குவியாமல் நீரோட்டம் அடித்துக்கொண்டு போக வேண்டும் அல்லவா?

கொடுவா மீன் குஞ்சுகளை விடும்போதே முதல் சண்டை வந்தது. வலைக்குள் இவ்வளவு இடம் இருக்கும்போது இன்னும் இரண்டு மடங்கு விடலாமே என்றான் தம்பி. தம்பி மனைவி விடவில்லை. அவள் எப்போதும் கழுத்தில் தண்ணீரின் ஆக்சிஜனை அளக்கும் மீட்டரை மாட்டிக்கொண்டே திரிவாள். பம்பரம் அவளுக்கு வைத்த பெயர் மீட்டரம்மா.

"ஒரு கன மீட்டர் தண்ணிக்குப் பதினஞ்சு குஞ்சு, அதுக்கு மேல ஒண்ணுகூடக் கூடாது," என்றாள் மீட்டரம்மா. "இன்னிக்கு விரல் அளவுதான் இருக்கும். அறுவடைக்கு ஒவ்வொண்ணும் ஒரு கிலோ வரும். அன்னிக்கு இதே வலைக்குள்ளதானே எல்லாம் மூச்சு விடணும்?"

"அவ சொல்றதும் சரிதான்டா. குழந்தைங்களைப் பார்த்து வீடு கட்டக் கூடாது, வளர்ந்தப்புறம் எப்படி இருப்பாங்கன்னு பார்த்துக் கட்டணும்," என்று பம்பரம் தீர்ப்புச் சொன்னாள். அன்றைக்கு இருவரும் ஒரே கட்சி.

தீவனம் போடுவதில் பம்பரத்துக்குத் தனி வழி. பலகையில் கால் வைத்ததும் மூன்று நடை வேகமாக நடப்பாள். பிறகு தீவன டின்னைக் கைப்பிடிக் குழாயில் டொக் டொக்கென்று தட்டுவாள். கீழே இருட்டிலிருந்து மீன்கள் எழும்பி வரும். ஒரு கைப்பிடி போடுவாள். அவை பாய்ந்து எடுப்பதைப் பார்ப்பாள். இன்னொரு கைப்பிடி. பாய்ச்சல் கொஞ்சம் மந்தமானால் அத்தோடு நிறுத்திவிடுவாள். பக்கத்துப் பண்ணைக்காரர் மூட்டையைச் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவருக்கு மீன் ஒரு கிலோ எடை ஏற இரண்டு கிலோவுக்கு மேல் தீவனம் தேவைப்பட்டது. பம்பரத்தின் கூண்டில் ஒன்றரையும் கொஞ்சமும். தீவனம்தான் இந்தத் தொழிலில் பெரும் செலவு என்பதால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதைத் துறையில் எல்லோரும் கேட்பார்கள்.

"என் பிள்ளைங்க வாயில போகாம ஒரு உருண்டை கீழ போகாது," என்பாள். நாளாக ஆக டின்னைத் தட்டவே வேண்டியிருக்கவில்லை. அவள் கால் பலகையில் பட்டாலே போதும், மொத்தக் கூட்டமும் மேலே வந்து நின்றது. வேறு யார் நடந்தாலும் வருவதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். கேட்கிறவர்கள் நேரத்தைப் பார்க்கத் தொடங்கினாலும் விடமாட்டாள்.

மீன்கள் முக்கால் கிலோவைத் தாண்டிய நேரத்தில்தான் புயல் அறிவிப்பு வந்தது.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். முந்தின நாளே தீவனத்தை நிறுத்தினார்கள், வயிறு காலியாக இருந்தால் மீன் அலைச்சலைத் தாங்கும் என்பதால். நங்கூரக் கயிறுகளை இரட்டித்தான் தம்பி. கைப்பிடியில் தொங்கிய சாமான் அத்தனையையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வலையின் அடியில் கூடுதல் எடை கட்டி, பை சுருண்டு மீன்களை நசுக்காதபடி விறைப்பாக்கினார்கள். அதற்கப்புறம் செய்ய எதுவும் இல்லை. புயல் அடித்த அந்த நாள் முழுக்கப் பம்பரம் வீட்டுக்குள் நடந்த நடையைக் கடலில் நடந்திருந்தால் அக்கரைக்கே போயிருப்பாள்.

புயல் விட்டதும் போய்ப் பார்த்தார்கள். இரண்டு கூண்டுகள் தப்பியிருந்தன. மூன்றாவதன் வளையம் ஒரு பக்கம் மடங்கிப் பிளந்து, வலை தண்ணீருக்குள் சரிந்துகொண்டிருந்தது. யோசிக்க நேரம் இல்லை. உடைந்த வளையத்தை நல்ல வளையத்தோடு அணைத்துக் கட்டி, வலை வாயோடு வலை வாயைத் தைத்து, மீன்களை மெல்ல விரட்டி அந்தப் பக்கம் நீந்தவிட்டார்கள். பாதி ஒரு கூண்டுக்கு, பாதி மற்றதற்கு. ஒரு மீனைக்கூடக் கையால் தூக்கவில்லை. தம்பி வலித்த தோளைப் பிடித்துக்கொண்டு படகில் மல்லாந்து சிரித்தான்.

மீட்டரம்மா சிரிக்கவில்லை. "பதினஞ்சு இருந்த இடத்துல இப்ப இருபத்திரண்டு இருக்கு. நல்ல தண்ணியா இருந்தாத் தாங்கும், அண்ணி. தண்ணி கெட்டா என்ன பண்றது?"

"நல்ல நேரத்துல நல்ல வார்த்தை பேசும்மா," என்றாள் பம்பரம்.

அவளுடைய கவலையே வேறு. புயலில் பட்டினி கிடந்த மீன்கள் இளைத்துப் போனதாக அவளுக்குப் பட்டது. ஒன்றரையும் கொஞ்சமும் என்ற பெயர் கெட்டுவிடுமே! அறுவடைக்கு வாங்க வருகிறவர் எடை குறைவு என்று உதட்டைப் பிதுக்குவாரே! அதனால் காலை, மாலை என்றிருந்ததை மூன்று வேளையாக்கினாள். பாய்ச்சல் மந்தமான பிறகும் இன்னும் ஒரு கைப்பிடி போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் போட்ட உருண்டைகள் வலைக்கடியில் போய் விழுந்தன. அவளுக்கே அது தெரியும். தெரிந்தும் கை நிற்கவில்லை.

புயல் மழையில் பெருகிய ஆறு, வயல்வெளிகளை எல்லாம் அலசிக் கொண்டுவந்து கடலில் கொட்டியிருந்தது. வயலுக்குப் போட்ட உரமும் அதில் சேர்த்திதான். அதற்குப் பின் காற்று செத்தது. வெயில் கொளுத்தியது. இலை அசையவில்லை, கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. ஒருநாள் காலையில் தம்பி துடுப்பைத் தூக்கிப் பார்த்தான். அதிலிருந்து சொட்டிய தண்ணீர் பழைய டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது.

பாசி. கண்ணுக்குத் தனியாகத் தெரியாத, அந்த உரத்தைத் தின்று கோடி கோடியாகப் பெருகுகிற பாசி.

"பகல்ல மீட்டர் நல்லாத்தானே காட்டுது? போன மாசத்தைவிட ஆக்சிஜன் அதிகமா இருக்கே?" என்று பம்பரம் வாதாடினாள்.

"அதுதான் ஏமாத்து வேலை. பகல்ல வெயில்ல பாசி ஆக்சிஜனை விடுது. இருட்டினதும் அதுவே இழுத்துக்குது. விடியறதுக்கு முன்னால அளந்தேன். சரிபாதிக்கும் கீழ இருக்கு," என்றாள் மீட்டரம்மா. "அந்த நேரத்துல வயிறு நிறைஞ்ச மீனா இருந்தா, ஜீரணிக்கவே இன்னும் அதிகமா மூச்சு வேணும். நீங்க சாயந்திரம் போட்டீங்களே, அண்ணி."

அன்று காலை செத்து மிதந்த மீன்களைத் தம்பி வலைக்கரண்டியால் அள்ளிப் படகில் போட்டான். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பேறி வழுவழுவென்று இருந்தது. பம்பரம் ஒன்றைக் கையில் எடுத்தாள். அவள் வளர்த்ததிலேயே கொழுத்த மீன் அது. கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மீன்வள ஆராய்ச்சி நிலைய அதிகாரியைப் போனில் பிடித்தார்கள். அவர் பதற்றமில்லாமல் சொன்னார். "தீவனத்தை முழுசா நிறுத்துங்க. இந்த எடை மீன் வாரக்கணக்குல பட்டினி தாங்கும், பயப்படாதீங்க. மீனைத் தொடாதீங்க, இடம் மாத்தாதீங்க. பாசி இப்ப மேல் தண்ணியிலதான் கெட்டியா இருக்குன்னு சொல்றீங்க. கீழ அளந்து பாருங்க. நல்லா இருந்தா மீன் தானா கீழ போய் நின்னுக்கும். அதைத் தொந்தரவு பண்ணாதீங்க. காத்து திரும்பற வரைக்கும் அவ்வளவுதான்."

மீட்டரம்மா மீட்டரின் கம்பியைக் கீழே இறக்கி அளந்தாள். மூன்று மீட்டருக்குக் கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது, ஆக்சிஜனும் போதும். தம்பி கம்பிரசர் குழாயை வலையின் அடிமட்டத்துக்கு இறக்கி, படகிலிருந்தே காற்றைக் கொடுத்தான். தீவன அறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாவியைப் பம்பரமே கழற்றி மீட்டரம்மாவிடம் கொடுத்தாள்.

ஆனாலும் மீன்கள் செத்து மிதப்பது நிற்கவில்லை. பம்பரம் காலையும் மாலையும் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தீவனம் இல்லாவிட்டால் என்ன, செத்ததைப் பொறுக்கலாம், வலையில் பாசி ஒட்டியிருக்கிறதா பார்க்கலாம், கயிறு தளர்ந்திருக்கிறதா பார்க்கலாம். பார்க்கிறேன் என்ற பெயரில் நடந்துகொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் மீட்டரம்மா படகை அணைத்துப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்குவேன், சொல்லு."

"நீங்க கூண்டுப் பக்கம் வராதீங்க."

பம்பரத்தின் கால் அப்படியே நின்றது. "என்ன?"

"உங்க தம்பி தனியா துடுப்புப் போட்டு வர்றப்ப மீனெல்லாம் கீழதான் நிக்குது. நான் வந்தாலும் கீழதான். நீங்க பலகையில கால் வெச்சா எல்லாம் மேல வருது, அண்ணி. மேலதான் பாசி."

"ஓஹோ. அப்ப நான்தான் கொல்றேன், அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிம்மா சொல்றது இதை? மூட்டை பிரிச்ச நாள்லேர்ந்து இதுங்களுக்குச் சோறு போட்டவ நான். நேத்து மீட்டரைக் கழுத்துல மாட்டினவளுக்கு இன்னிக்குப் பேச்சு வந்துடுச்சு." "நீ என்னடா, வாயில கொழுக்கட்டையா?" என்று தம்பியைப் பார்த்தாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு கம்பிரசரில் இல்லாத கோளாறைத் தேடினான்.

அன்று மாலை தம்பி வீட்டுக்குப் போனவள் வாசலோடு நின்றுவிட்டாள். கதவுக்குப் பின்னால் அவனுடைய நீலப் பை நிமிர்ந்து நின்றது. ஆழ்கடலுக்குக் கொண்டுபோகிற பை. பெரிய படகுக்காரர் போன் பண்ணியிருந்தார், வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றான். சொல்லும்போது நல்ல கையால் கெட்ட தோளைத் தேய்த்துக்கொண்டான். பம்பரம் உள்ளேகூடப் போகாமல் திரும்பிவிட்டாள்.

மறுநாள் வெளிச்சம் வந்தும் வராததுமாக அவள் சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு போனாள். மீட்டரம்மா சொன்னது அபாண்டம் என்று நிரூபிக்கத்தான் போனாள், சந்தேகம் வேண்டாம். டின் எடுத்துப் போகவில்லை. தீவனம் ஒரு உருண்டை இல்லை. சத்தமில்லாமல் படகைக் கட்டினாள். கூண்டுக்குள் தண்ணீர் வெறும் பழுப்பாக, அசைவே இல்லாமல் இருந்தது. எல்லாம் கீழே, நல்ல தண்ணீரில்.

'பார்த்தியா, நான் பக்கத்துலதானே நிக்கிறேன்' என்று மனதுக்குள் மீட்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டே பலகையில் கால் வைத்தாள். பலகை மெல்ல அழுந்தியது.

பழுப்புத் தண்ணீர் கீழிருந்து கலங்கியது. முதலில் ஒரு முதுகு. பிறகு பத்து. பிறகு கூண்டு முழுக்க முதுகுகள். வாயைத் திறந்து திறந்து மூடியபடி, மூச்சு முட்டி, அவளைப் பார்த்து வந்தன. அவளிடம் ஒன்றும் இல்லை என்பது அவற்றுக்கு எப்படித் தெரியும்? கால் சத்தம் கேட்டது, வந்துவிட்டன. ஒன்று அவள் காலடியிலேயே புரண்டு, வெள்ளை வயிற்றைக் காட்டி, நிமிர முயன்று மறுபடி சரிந்தது.

"போங்க," என்றாள். "ஐயோ, போங்கடா. கீழ போங்க." கையை ஆட்டினாள். தீவனம் வீசும் அதே கை. அவை இன்னும் நெருங்கி வந்தன.

ஓடக்கூட முடியாது. ஓடினால் பலகை அதிரும். உடம்பில் ஒரு நரம்பு சும்மா இருக்கத் தெரியாத அந்தப் பெண் ஒற்றைக் காலைத் தூக்கி, பஞ்சின்மேல் வைப்பதுபோல் படகில் வைத்து, மற்றதையும் எடுத்துக்கொண்டு, கயிற்றை அவிழ்த்துவிட்டு, படகின் அடியில் உட்கார்ந்தாள். துடுப்பைத் தொடவில்லை. நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போகும்வரை இரண்டு கைகளாலும் முழங்கால்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழுப்பு முதுகுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அப்போதுதான் அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது.

கரையில் மீட்டரம்மா நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். பம்பரம் அவளருகே போய், "நீ சொன்னது நிஜம்மா," என்றாள். மீட்டரம்மா வெற்றி கொண்டாடவில்லை. பம்பரத்தின் கையிலிருந்த படகுக் கயிற்றை வாங்கிக் கட்டினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பம்பரத்தின் கணவரிடம்தான் கேட்க வேண்டும். வீட்டில் இருந்த பாத்திரம் எல்லாம் தேய்ந்து பாதியாகிவிட்டது என்பார். உடைந்த கூண்டின் வலையைக் கரையில் விரித்துப்போட்டு, கிழியாத இடத்தையும் சேர்த்துத் தைத்தாள். படகுத்துறை வரை போவாள், கடைசிப் படிக்கட்டில் நின்றுவிடுவாள். தம்பி துடுப்புப் போட்டு வரும்போது படகின் அடியில் எத்தனை கிடக்கிறது என்று பார்க்கத் துணிவில்லாமல் அவன் முகத்தையே பார்ப்பாள். அவன் தினமும் ஒரே பதிலைத்தான் சொன்னான்: "நேத்தைவிடக் குறைச்சல், அக்கா." உண்மையா, ஆறுதலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. நீலப் பையைப் பற்றி அவன் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒருநாள் மதியம் கொடியில் காய்ந்த துணி படபடத்தது. பம்பரம் தைத்துக்கொண்டிருந்த ஊசியோடு எழுந்து வாசலுக்கு ஓடினாள். காற்று. கடலிலிருந்து கரைக்கு வராமல், கரையிலிருந்து கடலுக்கு. இரண்டு நாள் அது விடாமல் அடித்தது. பழுப்புத் தண்ணீர் பட்டை பட்டையாகப் பிரிந்து வெளிக்கடலுக்குப் போயிற்று. மீட்டரம்மா விடியலில் அளந்தாள், மேலே அளந்தாள், கீழே அளந்தாள். பிறகு பம்பரத்தின் வீட்டுக்கே வந்து, தீவன அறைச் சாவியை நீட்டினாள். "வாங்க, அண்ணி. கூப்பிடுங்க உங்க பிள்ளைங்களை."

மூவரும் போனார்கள். பலகைக்கு அருகே வந்தும் பம்பரம் இறங்கவில்லை. மீட்டரம்மா பின்னாலிருந்து தள்ளாத குறை. கடைசியில் கால் வைத்தாள். மூன்று நடை நடந்தாள்.

தண்ணீர் பச்சைத் தெளிவாக இருந்தது. எதுவும் வரவில்லை.

பம்பரம் டின்னை எடுத்தாள், தட்டாமலே கீழே வைத்துவிட்டாள். அப்போது ஆழத்தில் ஒரு வெள்ளி மின்னியது. பின்னாலேயே மற்றவை வந்தன. இளைத்த மீன்கள், தலை பெருத்து உடம்பு சுருங்கிய மீன்கள், ஆனால் கூட்டம் கூட்டமாக. பாதிக்கு வெகுமேலே பிழைத்திருந்தன. எப்போதும்போல அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றன.

"வந்துடுச்சுங்க, அக்கா!" என்று கத்தினான் தம்பி. கத்தினவன் அப்படியே போனை எடுத்துப் பெரிய படகுக்காரரிடம், "அண்ணே, நான் வரல. வேற ஆளைப் பாத்துக்குங்க," என்று சொல்லி, அவர் பதிலைக் கேட்காமலே வைத்தான்.

பம்பரம் ஒரு கைப்பிடி போட்டாள். பட்டினி வயிறு, அளவாகத்தான் போட வேண்டும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். பிறகு டின்னைத் தம்பி மனைவியின் கையில் கொடுத்தாள்.

"நாளையிலேர்ந்து நீ போடு. மேலேர்ந்து வேணாம். குழாய் விட்டு, நடு ஆழத்துல விழற மாதிரி. எவ்வளவு தின்னுதுன்னு கீழ கேமரா விட்டுப் பார்த்துக்குவோம். என் கால் சத்தம் அதுங்களுக்கு மறந்துபோகட்டும்."

"அண்ணி, உங்க ஒன்றரையும் கொஞ்சமும் போயிடுமே?"

"போகட்டும். ரெண்டா ஆகட்டும். கூப்பிட்டா எங்க வேணா வந்துடுற புத்தியை நான்தானே பழக்கினேன்?"

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சும்மா உக்காந்திருப்பேன்," என்றாள் பம்பரம்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். மீன்களைக் கூண்டு மாற்றிய நாளுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்தது அன்றுதான். பம்பரம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் தம்பி மனைவி பலகையில் மெல்ல நடந்து குழாயை இறக்கியபோது, அவள் கொஞ்சம் தள்ளி நங்கூரமிட்ட படகில், கைகளைக் கட்டிக்கொண்டு, தண்ணீரின் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். காற்று இல்லை, அலை இல்லை. அவளுடைய படகு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.